ஒரு பெர்லின் பதிவின் இரண்டு வரைவுகள்

கோயம்புத்தூரிலிருந்து பெர்லினுக்கு வேலைக்குப் போன ஒரு பெண், தன் முதல் மாதங்களைப் பற்றி இரண்டு வரைவுகள் எழுதினாள். முதல் வரைவு 2023 அக்டோபர் தொடக்கத்தில், போய் ஒரு மாதம் ஆனபோது எழுதியது. இரண்டாவது 2024 ஜனவரியில் எழுதியது. இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்பி, "எது உண்மைன்னு எனக்கே தெரியலக்கா, நீங்க பாத்து சொல்லுங்க" என்று கேட்டாள். அனுபவக் கட்டுரைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலை. அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அவள் சம்மதத்தோடு, அந்தப் பதிவு எப்படி மாறியது என்பதை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டு வேலை பற்றித் தமிழில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்த எழுத்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அவள் மென்பொருள் சோதனைப் பொறியாளர். செப்டம்பர் 1 அன்று வேலையில் சேர்ந்தாள். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கனவு நனவான நாள். மாதம் நான்கு லட்சம் சம்பளம். ஜன்னலைத் திறந்தால் ஐரோப்பா." இரண்டாவது வரைவின் தொடக்கம்: "யாரும் சொல்லாத உண்மையைச் சொல்கிறேன். பாதிச் சம்பளம் வரியில் போய்விடும். இங்கே யாருக்கும் யாரும் இல்லை."

இரண்டையும் கலந்துவிடலாம் என்பதுதான் அவளுடைய முதல் யோசனை. ஒரு நல்லது, ஒரு கெட்டது என்று மாற்றி மாற்றிக் கோத்தால் நடுநிலை வந்துவிடும் என்று நினைத்தாள். நான் வேண்டாம் என்றேன். நான்கு லட்சம் என்பதையும் பாதி வரியில் போகிறது என்பதையும் அடுத்தடுத்து வைத்தால், படிக்கிறவருக்கு இரண்டு மிகைகள்தான் கிடைக்கும். அந்தப் பெண் அக்டோபர் மாதத்தை எப்படிக் கடத்தினாள் என்பது அப்போதும் தெரியாது. அதோடு, ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் பின்னால் ஒரு புகார் வந்தால், எழுதுகிறவர் யாருக்கோ பயந்து எழுதுவது போலவே இருக்கும்.

அதனால் வரைவுகளை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மாதங்களில் அவள் கையில் தங்கியவற்றைக் கேட்டேன். சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், தேதியோடு இருந்த கைபேசிப் படங்கள், அம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்திகள், அலுவலக நாட்காட்டி. இவற்றை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி, வரைவுகளின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அது எந்தத் தேதிக்கு உரியது என்று பக்கத்தில் குறித்தோம். தேதி சொல்ல முடியாத வாக்கியங்கள் எக்கச்சக்கமாக இருந்தன. "இங்கே எல்லாரும் ஒழுங்கானவர்கள்" என்று முதல் வரைவிலும், "இங்கே எல்லாரும் ஒதுங்கிப் போகிறவர்கள்" என்று இரண்டாவதிலும். எல்லாரும், எப்போதும், யாருமே என்ற சொற்கள் வரும் இடங்களை முதலில் வட்டமிட்டோம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரே ஒரு சம்பவம் இருந்தது. அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டால் 'எல்லாரும்' தேவைப்படவில்லை.

இனி பணம். இதில்தான் அதிக நேரம் செலவழித்தோம்.

ஒப்பந்தத்தில் அவளுடைய மாதச் சம்பளம் 4,500 யூரோ. அன்றைய மதிப்பில் ஒரு யூரோ ஏறக்குறைய 89 ரூபாய். ஆக, நான்கு லட்சம் என்பது பொய்யில்லை. செப்டம்பர் கடைசியில் வங்கிக்கு வந்தது சுமார் 2,350 யூரோ. ஆக, பாதி போய்விட்டது என்பதும் பொய்யில்லை. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இரண்டு வரைவுகளும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் ஆறு வரி வகுப்புகள் உண்டு. திருமணம் ஆகாதவர் சாதாரணமாக முதல் வகுப்பில் வருவார். ஆறாவது வகுப்பு, இரண்டாவது வேலை பார்க்கிறவர்களுக்கானது. அதில் அடிப்படை வரிவிலக்கு கிடையாது என்பதால் பிடித்தம் மிக அதிகம். வரி அடையாள எண் கைக்கு வராதவரை நிறுவனம் அவளை ஆறாவது வகுப்பில் வைத்துப் பிடித்தது. முதல் வகுப்பில் இருந்திருந்தால் கைக்கு வந்திருக்க வேண்டியது சுமார் 2,840. வித்தியாசம் மாதம் 490 யூரோ. எண் வந்ததும் அது திரும்பி வந்துவிடும்.

அவளுக்கும் திரும்பி வந்தது. டிசம்பர் சம்பளச் சீட்டில், மூன்று மாதத்து வித்தியாசமும் சேர்ந்து 4,300 யூரோவுக்கு மேல் வந்திருந்தது. சீட்டுகளை வரிசையாக அடுக்கியபோதுதான் இது கண்ணில் பட்டது. "பாதிச் சம்பளம் வரியில் போய்விடும்" என்று அவள் எழுதியது ஜனவரியில். அதற்கு முன்பே பணம் திரும்பிவிட்டது. அவள் எதையும் மறைக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் அந்தத் தொகையைப் பார்த்தபோது வயிற்றில் விழுந்த பயம் மட்டும் மனதில் தங்கியிருந்தது. பணம் வந்து சேர்ந்த செய்தி அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரவே இல்லை. கசப்பான பதிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: காரணம் தீர்ந்த பிறகும் வாக்கியம் மட்டும் நிகழ்காலத்தில் நிற்கும். "போய்விடும்" என்ற அந்த வினைமுற்றே அடையாளம். நடந்தது செப்டம்பரில், எழுதியது எப்போதும் நடப்பது போல.

இன்னொன்றும் கவனித்தோம். முதல் வரைவில் வரவு ரூபாயிலும் செலவு யூரோவிலும் இருந்தது. நான்கு லட்சம் சம்பளம். அறை வாடகை 950, பயணச் சீட்டு 49. இரண்டாவது வரைவில் அப்படியே தலைகீழ். சம்பளம் 2,350 யூரோ. ஒரு காபி 300 ரூபாய், ஒரு முடிவெட்டு 3,000 ரூபாய். எந்தப் பக்கம் பெரிதாகத் தெரிய வேண்டுமோ அந்தப் பக்கம் ரூபாய்க்கு மாறிக்கொள்கிறது. திட்டமிட்டு இதை யாரும் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடுகிறது. அதனால் பதிவு முழுக்க யூரோ மட்டும் என்று முடிவு செய்து, ரூபாய் மதிப்பைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சொன்னோம். அப்புறம் அக்டோபர் மாதக் கணக்கை முழுசாகக் கொடுத்தோம். கைக்கு வந்தது 2,350. அறைக்கு 950, நாடெங்கும் உள்ளூர்ப் பேருந்து, ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு 49, மளிகை 240, கைபேசி 15, ஊரில் வீட்டுக் கடன் தவணைக்கு 400, குளிருக்கு மேலங்கியும் காலணியும் 210. மீதி 486. இந்த ஆறு செலவையும் பார்த்த பிறகு, அவள் வசதியாக இருந்தாளா சிரமப்பட்டாளா என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

'வரி' என்ற சொல்லையும் திருத்த வேண்டியிருந்தது. முதல் வகுப்பில் அவள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் சுமார் 1,660 யூரோவில் வருமான வரி 720 போலத்தான் வரும். மிச்சம் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு ஆகியவற்றுக்குப் போகிறது. அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனாள். கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. அது அம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்தியில் இருக்கிறது, ஆனால் இரண்டு வரைவிலும் இல்லை. முதல் வரைவில் காய்ச்சலுக்கு இடமில்லை. இரண்டாவதில் இலவசமாகப் பார்த்த மருத்துவருக்கு இடமில்லை.

கடைசியில் சம்பளப் பகுதி இப்படி வந்தது:

"ஒப்பந்தத்தில் மாதம் 4,500 யூரோ. செப்டம்பர் கடைசியில் வங்கிக்கு வந்தது 2,350. முகவரிப் பதிவு முடியாததால் வரி எண் வரவில்லை. எண் இல்லாததால் ஆறாவது வகுப்பில் பிடித்தார்கள். இது எனக்கு முழுதாகப் புரிந்தது டிசம்பரில், பணம் திரும்பி வந்தபோது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பாவிடம் சொன்ன தொகையில் பாதிதான் வந்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. பேசியபடி 400 யூரோ அனுப்பினேன்."

இந்தப் பத்தியில் 'அன்றைக்குத் தெரிந்தது' ஒரு வாக்கியத்திலும், 'பிறகு புரிந்தது' வேறொரு வாக்கியத்திலும் தனித்தனியே நிற்கின்றன. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால், பிறகு வந்த அறிவு அன்றைய பயத்தை அசட்டுத்தனமாகக் காட்டிவிடும். பிறகு வந்த அறிவையே விட்டுவிட்டால், அடுத்து போகிறவருக்கு வீண் பயம். பதிவு முழுவதும் இந்தப் பிரிவைக் காப்பாற்றினோம். வேறு எந்தத் திருத்தத்தையும்விட இதுதான் பதிவின் குரலை மாற்றியது.

சரி, முகவரிப் பதிவு ஏன் முடியவில்லை? அங்கே ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். வீடு கொடுத்தவர் அதைத் தரத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தன் வாடகை வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் மறுத்துவிடுகிறார்கள். அவளுடைய முதல் அறை அப்படிப்பட்டது. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் பதிவு இல்லை. நவம்பர் 1 அன்று வேறு வீட்டுக்கு மாறி, அந்த மாத நடுவில் பதிந்து, டிசம்பர் தொடக்கத்தில் வரி எண் தபாலில் வந்தது.

தபாலில் வருவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அங்கே அடுக்ககங்களில் கதவு எண்ணை வைத்துத் தபால் போடுவதில்லை. கீழே இருக்கும் தபால் பெட்டியில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவளுக்கு இருப்பது அப்பாவின் பெயர், நம்மில் பலருக்கும் இருப்பது போல. அலுவலகக் கடிதங்கள் எல்லாம் 'திருமதி' போட்டு அப்பா பெயருக்கே வந்தன. மருத்துவமனையில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது யாரையோ என்று உட்கார்ந்திருந்தாள். தபால் பெட்டியில் அவள் எழுதி ஒட்டியதும் அப்பா பெயர்தான். இதை அவள் பேச்சுவாக்கில் சொன்னாள், எழுதவில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்றாள். விஷயம்தான். பெர்லினில் அவளுக்கு மட்டும் நடக்கக்கூடிய, ஜெர்மன்காரருக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று இது. பதிவில் இந்தப் பத்திக்கு எந்த உணர்ச்சிச் சொல்லும் சேர்க்கவில்லை.

கவர்ச்சியான வரைவில் எல்லா வினைக்கும் எழுவாய் 'நான்'. நான் சாதித்தேன், நான் கிளம்பினேன், நான் ஜெயித்தேன். கசப்பான வரைவில் எல்லாவற்றுக்கும் எழுவாய் 'அவர்கள்'. அவர்கள் பிடித்தார்கள், அவர்கள் மறுத்தார்கள். உண்மையில் அந்த மூன்று மாதத்தை நடத்தியது ஒரு கையெழுத்து, ஒரு தாள், ஒரு தபால் பெட்டி. அந்தச் சங்கிலியைக் கண்ணி விடாமல் சொன்னதும் பெருமையும் குறைந்தது, பழியும் குறைந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் சங்கிலியில் கட்டிவிட முடியாது. அறையை உள்வாடகைக்கு விட்டவர் அவளுடைய முன்பணத்தில் ஒரு பகுதியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொண்டார். இதை மென்மையாக்கலாமா என்று அவள் கேட்டாள். மென்மையாக்க எந்தக் காரணமும் அவளிடம் இல்லை, என்னிடமும் இல்லை. தொகை, தேதி, அவள் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை என்பது, இவ்வளவுதான் எழுதினோம். ஆளை அடையாளம் காட்டும் எதையும் போடவில்லை.

நவம்பரில் கிடைத்த வீடு காலியான வீடு. ஜெர்மனியில் வாடகை வீடுகள் பல, சமையலறைச் சாமான்கள்கூட இல்லாமல்தான் வரும். கூரையில் விளக்கு இருக்காது, கம்பி மட்டும் தொங்கும். பெர்லினில் நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டு மணிக்குப் பிறகு வந்து நாலு மணிக்கு முன்பே போய்விடும். முதல் வாரம் கைபேசி வெளிச்சத்தில் சமைத்தாள், அதுவும் ஒரே ஒரு மின்அடுப்பில். இரண்டாவது வரைவில் இது "விளக்குகூட இல்லாத வீட்டில் தள்ளினார்கள்" என்று இருந்தது. யாரும் தள்ளவில்லை, அங்கே வழக்கம் அப்படி. வழக்கம் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வார இருட்டை இருட்டாகவே விட்டோம். வழக்கம் என்பதால் இருட்டு குறைந்துவிடாது.

அடுத்தது தனிமை. "நவம்பரில் எல்லாரும் என்னை மறந்துவிட்டார்கள்" என்று இரண்டாவது வரைவில் ஒரு வரி. எனக்கு அந்த வரி பிடித்திருந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஏன் குறிப்பாக நவம்பர்? அழைப்புப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். அக்டோபர் கடைசி வரை அனேகமாக தினமும் அம்மாவிடம் பேசியிருக்கிறாள். அதன் பிறகு பேச்சு குறைந்து, குரல் செய்தியாக மாறியிருக்கிறது.

காரணம் கடிகாரம். 2023 அக்டோபர் 29 அன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதுவரை இந்தியாவோடு இருந்த மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆனது. அவள் ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது முன்பெல்லாம் கோவையில் ஒன்பதரை, அம்மா விழித்திருப்பார். இப்போது பத்தரை. அம்மா காலையில் நேரத்தில் எழுகிறவர், பத்து மணிக்கு மேல் தாங்கமாட்டார். வாரநாட்களில் பேச இருந்த அந்த அரைமணி, கடிகாரம் மாறிய அன்றே இல்லாமல் போயிற்று. அம்மாவுக்கும் அது புரியவில்லை. மகளுக்கு வேலை அதிகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்; அம்மாவுக்குத் தன்மேல் வருத்தம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஜனவரியில்தான் மதிய உணவு நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தாள். அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே ஐந்து மணி.

குரல் செய்திகளை அவளே கேட்டு எழுதி அனுப்பினாள். நவம்பரில் ஒன்றில் அம்மா, "ஏன் கண்ணு, குரலு ஒருமாரி இருக்குது?" என்கிறார். இவள், "சளிதாம்மா" என்கிறாள். அன்றைக்கே தோழிக்கு, "ரூமுக்குப் போகவே பிடிக்கல" என்று அனுப்பியிருக்கிறாள். எது உண்மை என்றால் இரண்டும்தான். சளியும் இருந்தது. பதிவில் இரண்டு செய்திகளையும் தேதியோடு அடுத்தடுத்து வைத்தோம், கூட ஒரு சொல் சேர்க்கவில்லை. "மறந்துவிட்டார்கள்" என்ற வரி போய், அந்த இடத்தில் கடிகாரம் வந்தது. தனிமை குறைந்துவிட்டதா என்றால் இல்லை, அதிகமானது போலத்தான் எனக்குப் பட்டது. ஆனால் யார்மேலும் குற்றம் இல்லாத தனிமை அது. படிக்கிற அம்மா யாராவது இருந்தால், மகன் மகளைக் கூப்பிட வேறு நேரம் பார்ப்பார்.

அலுவலகம் பற்றியும் இப்படி ஒன்று. "சக ஊழியர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை" என்று எழுதியிருந்தாள். நாட்காட்டியில், குழுவாக மதிய உணவுக்குப் போக வந்த அழைப்புகளை அவள் மறுத்தது இருந்தது. ஏன் என்று கேட்டேன். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். இரண்டு வார அறிவிப்பில் வேலையை விட்டு அனுப்பலாம். வேலை போனால் விசா என்ன ஆகும் என்ற பயத்தில், மேசையிலேயே சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். அங்கே மதிய உணவுக்குச் சேர்ந்து போகாததுதான் ஒதுங்குவதாகத் தெரியும் என்று அவளுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இதையும் அதே மாதிரி இரண்டு தனித்தனி வாக்கியங்களாக எழுதினோம்.

கதவில் ஒட்டியிருந்த தாள் பற்றிய பகுதிதான் மிகவும் கடினமாக இருந்தது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மிக்ஸியில் இட்லிக்கு மாவரைத்தாள். சாயங்காலம் கதவில் ஒரு தாள். வரைவில், "மாவரைத்தது குற்றமாம். வெறுப்பை எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். அவளிடம் அந்தத் தாளின் படம் இருந்தது. ஜெர்மன் தெரிந்த தோழி ஒருத்தி பொருள் சொன்னாள். அன்புள்ள அண்டை வீட்டாருக்கு என்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரச் சத்தம் சுவர் வழியாக நன்றாகக் கேட்கிறது, வேறு நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, நட்புடன் என்று முடித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஞாயிறு முழுக்க அமைதி நாள். துளை போடுவது, புல்வெட்டி ஓட்டுவது எதுவும் கூடாது. கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டதும் அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். "அப்ப நான்தான் தப்புக்கா, இதை எடுத்துடலாம்" என்றாள். எடுத்திருந்தால் பெரிய இழப்பு. தாளைப் பார்த்த நிமிடத்தில் அவளுக்கு முகம் சூடானது நடந்த ஒன்று. அதன்பின் பல வாரம் வாரநாட்களில்கூட மிக்ஸியைத் தொடவில்லை, ரொட்டியும் தயிருமாகவே ஓட்டினாள் என்பதும் நடந்த ஒன்று. தாளில் வெறுப்பு இல்லை. ஆனால் அவள் சாப்பாடு மாறியது. பதிவில் வரிசை இப்படி ஆனது: மாவு, தாள், அதில் இருந்த வாக்கியங்கள், சூடான முகம், தோழி சொன்ன பொருள், மிக்ஸி பெட்டிக்குள் போனது, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை மறுபடி வெளியே எடுத்தது.

அதே மாதத்தில் ரயில் நடைமேடையில் ஒருவன் அவளைப் பார்த்துக் கத்தினான். திரும்பிப் போ என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு வழக்கம், சட்டம், கடிகாரம் என்று எந்தச் சங்கிலியும் கிடையாது. கதவுத் தாளையும் இதையும் ஒரே பத்தியில் போட்டிருந்தாள்; பிரித்தோம். சேர்ந்திருந்தபோது தாள் எழுதியவர் கத்தியவனைப் போல ஆகிவிட்டார், கத்தியவன் தாள் எழுதியவரைப் போல மன்னிக்கத்தக்கவன் ஆகிவிட்டான். இரண்டு வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லி நிறுத்திவிட்டோம். 'நல்லவர்களும் இருக்கிறார்கள்' என்று ஒட்டு வைக்கவில்லை.

வெட்டிய பகுதிகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்லினில் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, ஈழத்தமிழர்கள் எழுப்பியது. அக்டோபரில் அங்கே போனபோது, எண்பதுகளில் அகதியாக வந்த ஓர் அம்மாவைச் சந்தித்தாள். அவர் இவள் காலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உந்தச் சப்பாத்து இந்தக் குளிருக்குக் காணாது" என்று சொல்லி, எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். அக்டோபர் கணக்கில் வரும் 210 யூரோவுக்குள் அந்தக் காலணி இருக்கிறது. இரண்டு வரைவிலும் இந்தச் சந்திப்பு இல்லை. திருத்தும்போது அவளே சேர்த்தாள், ஆனால் அந்த அம்மாவின் அகதி வாழ்க்கையையும் எழுதி, "அவர்கள் பட்டதைப் பார்த்தால் என் கஷ்டமெல்லாம் ஒன்றுமே இல்லை" என்று முடித்திருந்தாள். அதை எடுக்கச் சொன்னேன். போருக்குத் தப்பி வந்தவரின் கதை அவர் சொல்ல வேண்டியது. திரும்பிப் போக ஊர் இருக்கிற ஒருத்தி தன் நவம்பரைச் சிறிதாக்கிக் காட்ட அதைக் கையாளுவது இருவருக்குமே நியாயம் செய்யாது. காலணி மட்டும் நின்றது, அந்தக் குரலோடு.

விமான நிலையப் படலம், கட்டிப்பிடித்து அழுதது எல்லாம் முழுதாகப் போயிற்று. அது ஆகஸ்டில் கோவையில் நடந்தது. பதிவு பெர்லினின் முதல் மாதங்களைப் பற்றியது. கடைசியில் இருந்த "உங்களாலும் முடியும்", "தயவுசெய்து வராதீர்கள்" இரண்டும் போயின.

முடிவைப் பற்றித்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. போனது சரிதானா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்ல விரும்பினாள். ஆறு மாதத்தில் அதற்கு யாருக்கும் பதில் தெரியாது என்பது என் எண்ணம். கடைசியில், பிப்ரவரி முடிவில் எது எந்த நிலையில் இருந்தது என்று மட்டும் எழுதினாள்: தகுதிகாண் காலம் முடிந்தது, விளக்குகள் மாட்டியாயிற்று, முன்பணம் வரவில்லை, ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், சம்பளச் சீட்டு பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசி விஷயத்தைப் போடுவதென்றால் அப்பாவிடம் முதலில் சொல்லிவிடு என்றேன். சொன்னாள். அப்பா கேட்ட ஒரே கேள்வி, அந்த மாதம் 400 யூரோ ஏன் அனுப்பினாய் என்பது. அந்தக் கேள்வியைப் பதிவில் சேர்க்க வேண்டாம் என்றேன். அவள் சேர்த்துவிட்டாள், அதுவும் கடைசி வரியாக. அவளுடைய பதிவு, அவளுடைய அப்பா, விட்டுவிட்டேன்.

தகுதிகாண் காலம் முடிந்த பிறகே வெளியிட்டோம், நிறுவனத்தின் பெயர் இல்லாமல். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் 2023 அக்டோபர், 2023 டிசம்பர் என்று மாதம் போட்டோம். இது சின்ன வேலைதான், ஆனால் தேவையானது. 49 யூரோவாக இருந்த அந்த மாதப் பயணச் சீட்டு 2025 ஜனவரியில் 58 ஆகிவிட்டது. வரி விகிதமும் காப்பீட்டுப் பங்கும் வருடாவருடம் மாறுகின்றன. மாதம் போட்டிருந்தால், இரண்டு வருடம் கழித்துப் படிக்கிறவர் தொகையைத் தானே சரிபார்த்துக்கொள்வார். கையெழுத்துத் தாள், வரி எண், தபால் பெட்டி என்ற வரிசை மட்டும் அவருக்கு அப்படியே உதவும்.